சந்தா முடிகிறது: எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எப்படி?

ஒரு மாத இதழை எடுத்துக்கொள்வோம். ஆண்டுச் சந்தா 500 ரூபாயாக இருந்தது. ஏப்ரலிலிருந்து 600. மார்ச் இதழோடு சந்தா முடிகிறவர்களுக்குக் கடிதம் போக வேண்டும். வழக்கமாக அது இப்படித்தான் இருக்கும்: “தங்கள் நல்லாதரவுக்கு நன்றி. தாள் விலையும் அஞ்சல் செலவும் ஏறிவிட்ட நிலையில், சந்தாவைச் சற்றே உயர்த்த நேர்ந்துள்ளது. வாசகர்கள் விரைவில் புதுப்பித்து ஒத்துழைக்க வேண்டுகிறோம்.” கீழே வங்கிக் கணக்கு எண், மணியார்டர் முகவரி, க்யூஆர் கோடு, இரண்டு தொலைபேசி எண்கள்.

கடிதம் மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘சற்றே’ என்றால் எவ்வளவு, ‘விரைவில்’ என்றால் என்றைக்கு, நான்கு வழிகளில் எதில் கட்டுவது என்ற மூன்றையும் வாசகரே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அவர் அதை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு மறந்துபோவார்.

முதலில் தொகை. பழையதையும் புதியதையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம். புதிய தொகை மட்டும் தடித்த எழுத்தில் இருக்கட்டும்; இல்லையென்றால் பழகிய எண்ணே கண்ணில் நிற்கும். உயர்வுக்குக் காரணம் ஒரு வரி போதும், அதுவும் தொகைக்குப் பிறகு. காரணத்தை முன்னால் நீட்டினால், எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

அடுத்தது தேதி. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். சந்தா முடியும் நாள் மார்ச் 31 என்பதால் அதையே கடைசித் தேதியாகப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் ஏப்ரல் இதழுக்கான முகவரிச் சீட்டுகள் மார்ச் 21-ஆம் தேதியே அச்சாகிவிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். 28-ஆம் தேதி பணம் கட்டியவருக்கு ஏப்ரல் இதழ் வராது. “நாளுக்குள் கட்டினேனே” என்று அவர் கேட்பதும் நியாயம். ஆகவே உண்மையான கெடு மார்ச் 20. பணம் அனுப்பும் நாளா, வந்து சேரும் நாளா என்பதையும், கெடு தவறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, வாசகர் செய்ய வேண்டிய வேலை. அது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அச்சுக் கடிதத்துக்கு க்யூஆர் கோடு பொருந்தும். அதற்குள் தொகையையும் சந்தா எண்ணையும் முன்கூட்டியே வைத்துவிடலாம். உள்ளே இருப்பது இதுபோன்ற ஒரு வரிதான்:

```
upi://pay?pa=idhazh@bank&pn=Idhazh&am=600&cu=INR&tn=1147
```

இதில் `am` என்பது தொகை, `tn` என்பது குறிப்பு. குறிப்பில் சந்தா எண் இல்லாவிட்டால், வங்கிக் கணக்கில் வந்த 600 ரூபாய் யாருடையது என்று தேடுவதிலேயே அலுவலகத்தில் பாதிநாள் போய்விடும்.

இப்போது கடிதத்தை மாற்றி எழுதினால்:

“வணக்கம். உங்கள் சந்தா (எண் 1147) மார்ச் இதழோடு முடிகிறது. ஓராண்டுக்குப் புதிய சந்தா ரூ. 600 (இதுவரை ரூ. 500). தாள், அஞ்சல் செலவு உயர்ந்ததே காரணம். மார்ச் 20-க்குள் பணம் எங்களுக்கு வந்துவிட்டால் ஏப்ரல் இதழ் தவறாமல் வரும். அதன்பின் வந்தால் மே இதழிலிருந்து தொடங்கும். கீழே உள்ள கோடை ஸ்கேன் செய்து கட்டுங்கள். வேறு வழியில் கட்ட விரும்பினால் எங்களை அழையுங்கள்.”

மணியார்டர் அனுப்பியே பழகிய பெரியவர்களுக்காகத்தான் அந்தக் கடைசி வாக்கியம். அது சிறிய எழுத்தில், கோடுக்குக் கீழே இருந்தால் போதும்.

இதே கடிதத்தைப் படமாக்கிக் கைப்பேசிக்கு அனுப்பினால் சிக்கல். கையில் இருக்கும் திரையை அதே கைப்பேசியால் எப்படி ஸ்கேன் செய்வது? அங்கே பணம் கட்டும் பக்கத்துக்கான இணைப்பைத்தான் தர வேண்டும். எஸ்எம்எஸ் என்றால் இன்னும் சுருக்கம் தேவை. தமிழில் ஒரு செய்திக்கு 70 குறிகள்தான். புள்ளியும் துணைக்காலும் தனித்தனியே கணக்காகும்; கண்ணுக்கு மூன்றெழுத்தாகத் தெரியும் ‘சந்தா’ அங்கே ஐந்து. “சந்தா 1147: புதிய தொகை ரூ.600, மார்ச் 20க்குள்.” என்பது இடைவெளிகளோடு 47 குறிகள். மிச்சம் 23-இல் ஒரு சிறிய இணைப்பை அடக்கிவிடலாம்.

கடிதம் சரியாக இருக்கிறதா என்பதை அலுவலகத் தொலைபேசியே சொல்லிவிடும். “எவ்வளவு கட்டணும்?” என்று அழைப்பு வந்தால் தொகை கண்ணில் படவில்லை. “கட்டிட்டேன், ஏப்ரல் புத்தகம் வருமா?” என்று கேட்டால் தேதி வரி தெளிவாக இல்லை. மணியார்டரில் 500 ரூபாய் வந்தால் பழைய தொகைதான் மனதில் நின்றிருக்கிறது. அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. 600 ரூபாய்க்கு 12 இதழ் என்றால் ஓர் இதழ் 50 ரூபாய். 500-க்குப் பத்து இதழ். “ஜனவரி வரை அனுப்புகிறோம், இன்னும் 100 ரூபாய் அனுப்பினால் மார்ச் வரை வரும்” என்று ஒரு அஞ்சலட்டை போட்டால் போதும். அதிலும் தொகை, தேதி, செய்ய வேண்டியது என்ற மூன்றும் வந்துவிட்டன.