தங்கைப் பாப்பாவின் தலையில் செதில்

இரண்டு மாதக் குழந்தையின் உச்சந்தலையில் மஞ்சள் நிறச் செதில்கள் பிசுபிசுப்பாக ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அழுக்கென்று எண்ணி நகத்தால் சுரண்டாதீர்கள். தோல் புண்ணாகி, அதன் வழியே கிருமிகள் நுழையும்.

இது ஏன் வருகிறது? கருவில் இருந்தபோது தாயிடமிருந்து வந்த ஹார்மோன்கள், குழந்தையின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுவதாகக் கருதப்படுகிறது. மிகுதியாகச் சுரக்கும் எண்ணெயில் இறந்த தோல் செல்கள் ஒட்டிக்கொள்கின்றன. இது பிறருக்குத் தொற்றாது.

குளிப்பாட்டுவதற்குச் சற்று முன் சிறிது தேங்காய் எண்ணெய் தடவினால் செதில் இளகும். பிறகு மென்மையான பிரஷ்ஷால் வருடி, வாசனை சேர்க்காத குழந்தை ஷாம்பூவால் எண்ணெய் முழுவதையும் அலசிவிட வேண்டும். எண்ணெய் தங்கினால் செதில் மீண்டும் படியும்.

பெரும்பாலும் சில மாதங்களில் இது தானே மறையும். செதில் முகத்துக்குப் பரவினாலோ, நீர் கசிந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.