பெயர் மாறி விழும் கமெண்ட்

2012 அக்டோபர் 3-ம் தேதி இரவு. ஒபாமாவும் மிட் ராம்னியும் மோதிய முதல் தேர்தல் விவாதம் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது சமையலறைச் சாதனங்கள் விற்கும் கிச்சன்எய்ட் நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கில், ஒபாமாவின் காலமான பாட்டியைக் கேலி செய்து ஒரு பதிவு வந்தது. கொஞ்ச நேரத்தில் அதை நீக்கிவிட்டு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அந்தக் கணக்கைக் கவனித்துவந்த ஊழியர் ஒருவர், சொந்தக் கணக்கு என்று நினைத்து நிறுவனக் கணக்கில் எழுதியிருக்கிறார்.

அவ்வளவு பெரிய கூத்தாக இல்லாவிட்டாலும், இதே தடுமாற்றம் யூடியூபில் சேனல் நடத்துபவர்களுக்கும் வருகிறது. அங்கே ஒரே கூகுள் கணக்குக்குள் இரண்டு முகங்கள் இருக்கலாம். ஒன்று சொந்தப் பெயரில் உள்ள சேனல். மற்றொன்று 'பிராண்ட் அக்கவுன்ட்', அதாவது தனிப் பெயரும் படமும் கொண்ட கணக்கு. அதற்குத் தனியாக பாஸ்வேர்டு கிடையாது. பொறுப்பாளர்கள் தங்கள் சொந்த ஜிமெயில் வழியாகவே உள்ளே போகிறார்கள். வசதியும் அதுதான், வம்பும் அதுதான். கதவு ஒன்றே என்பதால், எந்த அறையில் நிற்கிறோம் என்பது எளிதில் மறந்துபோகும்.

அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒரு சமையல் சேனல் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். காலையில் தம்பி பிராண்ட் கணக்குக்கு மாறி வீடியோ ஏற்றுகிறான். மாலையில் அதே போனில் ஒரு சினிமா டிரெய்லரைப் பார்த்து, "படம் தேறாது" என்று எழுதுகிறான். காலையில் மாறியவன் திரும்ப மாறவில்லை. அதனால் அந்தத் தீர்ப்பு சமையல் சேனலின் பெயரில் விழுகிறது. தம்பியின் பெயர் அங்கே எங்குமே தெரியாது. படிப்பவர்கள் அக்காவே சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள்.

தலைகீழாகவும் நடக்கும். தங்கள் வீடியோவுக்குக் கீழே ஒரு நேயர் கேட்ட சந்தேகத்துக்கு அக்கா பதில் எழுதுகிறாள், ஆனால் சொந்தக் கணக்கிலிருந்து. சேனல் உரிமையாளரின் பெயர் கமெண்ட் பகுதியில் தனி நிறப் பட்டையோடு தெரியும். அவள் பதிலில் அந்தப் பட்டை இல்லாததால், யாரோ வழிப்போக்கர் சொன்னதாகவே அது நிற்கும். சேனலுக்குள் யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்து, அங்கிருந்து பதில் எழுதினால் இந்தச் சிக்கல் வராது.

எழுதும் முன் கண்டுபிடிக்க வழி எளிது. கமெண்ட் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டப் படம் இருக்கும். அதில் யார் முகமோ, கமெண்ட் அவர் பெயரில்தான் போகும். வேறு படம் தெரிந்தால், புரொஃபைல் படத்தைத் தொட்டு Switch account போய் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு கணக்குக்கும் ஒரே மாதிரிப் படம் வைத்தவர்களுக்கு இந்த அடையாளமும் உதவாது.

போட்ட பிறகு 'எடிட்' கொடுத்தால் வார்த்தைகளைத்தான் திருத்த முடியும், பெயரை அல்ல. கமெண்டை நீக்கிவிட்டு, சரியான கணக்குக்கு மாறி மறுபடி எழுதுவதுதான் வழி. அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் அதை எந்தப் பொத்தானும் அழிக்காது.