பெட்டிக்குள்ளே பெரிய பலகை

தொடக்கப் பள்ளிப் பிள்ளையிடம் “கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது?” என்று கேட்டால், பெரும்பாலும் விரல் திரையைத்தான் காட்டும். படம் தெரிவதும் எழுத்து வருவதும் அங்கேதானே! பாகங்களின் பெயரைப் பாட்டாகச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் முதலில் கவனிக்க வேண்டியது இந்த விரலைத்தான். பிள்ளை பாட்டைத் தடங்கலின்றிப் பாடிவிட்டு மறுபடியும் திரையையே காட்டினால், பாட்டு நாக்கில் ஏறியிருக்கிறது, பொருள் ஏறவில்லை.

கீபோர்டுக்குப் பாட்டுக் கட்டுவது சுலபம். இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகை இருந்தால் சிறுவர்களுக்குச் சட்டென்று மனப்பாடமாகும்.

எட்டு விரலும் எழுத்தைத் தட்டும்;
கட்டை விரலோ இடம்விடத் தட்டும்;
தட்டிய எழுத்து பெட்டிக்குள் ஓடும்;
பட்டென வந்து திரையில் கூடும்.

இதில் ஓசைக்காக மட்டும் போட்ட சொல் இல்லை. முறையாகத் தட்டச்சுப் பழகுவோர் எட்டு விரல்களால் எழுத்துகளையும், கட்டை விரலால் அடியிலுள்ள நீளமான ஸ்பேஸ் பாரையும் தட்டுவார்கள். மூன்றாம் அடிதான் முக்கியம். எழுத்து கீபோர்டிலிருந்து நேரே திரைக்குத் தாவுவதில்லை, பெட்டிக்குள் போய்த்தான் வருகிறது.

இதை வகுப்பிலேயே காட்டலாம். தனி ஸ்பீக்கரில் ஒரு பாட்டை ஓடவிட்டு, மானிட்டரின் பொத்தானை மட்டும் அணைக்க வேண்டும். திரை கறுத்துவிடும், பாட்டு நிற்காது. கம்ப்யூட்டர் திரைக்குள் இல்லை என்பது அந்த நொடியிலேயே புரிந்துவிடும். ஒலி மானிட்டரின் சொந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தால் மட்டும் இந்தச் சோதனை பலிக்காது, திரையோடு சேர்ந்து பாட்டும் நின்றுவிடக்கூடும். அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்த சிக்கல் சி.பி.யூ. மேசைக்கடியில் இருக்கும் பெட்டியையே ‘சி.பி.யூ.’ என்று சொல்வது நம்மிடம் ஊறிப்போன வழக்கம். பழுது பார்க்கும் கடைகளிலும் “சி.பி.யூ.வைக் கொண்டுவாங்க” என்றுதான் சொல்வார்கள். பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். பாட்டில் ஏறினால், அந்தத் தவறு ஆயுளுக்கும் பிள்ளையோடு ஒட்டிக்கொள்ளும். உண்மையான சி.பி.யூ. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சில்லு. அது சூடாகாதபடி மேலே ஒரு உலோகத் துண்டும் விசிறியும் பொருத்தியிருப்பதால், பெட்டியைத் திறந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. எதற்குள் எது என்பதைச் சொல்ல, ஒரு அடி முடியும் சொல்லில் அடுத்த அடி தொடங்கும் அந்தாதி மிகவும் பொருத்தம்.

பெட்டிக்குள்ளே பெரிய பலகை;
பலகை மேலே சின்னச் சில்லு;
சில்லின் பெயரோ சி.பி.யூ.;
சி.பி.யூ.தான் கணக்குப் போடும்.

‘சி.பி.யூ. கம்ப்யூட்டரின் மூளை’ என்ற வரி பல வகுப்புகளில் பழக்கம். அதைத் தவிர்ப்பதே மேல். நினைவும் மூளையில்தானே இருக்கிறது என்று பிள்ளை யோசிக்கும், வரைந்த படமெல்லாம் சி.பி.யூ.வுக்குள் இருப்பதாக முடிவு கட்டிவிடும். கணக்குப் போடுவதும், இரண்டை ஒப்பிட்டுப் பார்ப்பதும், கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றுவதும்தான் அதன் வேலை. வரைந்த படத்தை வைத்திருக்க வேறு இடங்கள் இருக்கின்றன.

எழுதும் வரைக்கும் ரேமில் இருக்கும்;
கரண்டு போனால் கரைந்தே போகும்;
சேமித்து வைத்தால் வட்டில் இருக்கும்;
நாளைக் கேட்டால் எடுத்துக் கொடுக்கும்.

கரண்டு, கரைந்து என்ற மோனை தற்செயலாகக் கிடைத்த வரம். ஆனால் இதைக் காட்டுவதற்காகப் பிளக்கைப் பிடுங்கக் கூடாது, வட்டில் உள்ள கோப்புகள் கெட்டுப்போகலாம். பெயின்ட் மென்பொருளில் இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு பூ வரையட்டும். ஒருவர் சேமிக்கட்டும், மற்றவர் சேமிக்காமல் மூடட்டும். மறுபடி திறந்தால் ஒரு பூதான் கிடைக்கும். சில புதிய மென்பொருள்கள் தாமாகவே சேமித்துக்கொள்வதால், எதைக் கொண்டு காட்டுவது என்பதை முதல்நாளே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பாடும்போது ஒவ்வொரு அடிக்கும் அந்தந்தப் பாகத்தைத் தொட்டுக் காட்டச் செய்ய வேண்டும். ஓரிரு நாள் கழித்து வரிசையை மாற்றி, “கரைந்தே போகும்” என்ற இடத்திலிருந்து தொடங்கி, எது கரையும் என்று கேட்கலாம். வரிசையை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை அங்கே திகைத்து நிற்கும். அந்தப் பிள்ளைக்கு இன்னொரு முறை பூ வரையும் பாடம் தேவை.

மடிக்கணினி வைத்திருக்கும் வகுப்பில் பெட்டியே கிடையாது. அங்கே பலகையும் சில்லும் கீபோர்டுக்கு அடியில் இருப்பதால், அந்தாதியின் முதலடியை ‘கீபோர்டின் கீழே பெரிய பலகை’ என்று மாற்றினால் போதும், மற்ற மூன்று அடிகளும் அப்படியே பொருந்தும். கரண்டு அடியைத்தான் அங்கே மாற்றிப் பாட வேண்டும். உள்ளே பேட்டரி இருப்பதால், கரண்டு போனாலும் ரேமில் உள்ளது உடனே கரையாது.