ஜாமீன்தாரருக்கு எழுதும் கடிதம்: மிரட்டலும் வேண்டாம், மழுப்பலும் வேண்டாம்

"உங்கள் ஜாமீனில் கடன் வாங்கியவர் தவணை கட்டாமல் ஏமாற்றிவிட்டார். முழுக் கடனையும் 7 நாட்களுக்குள் நீங்களே செலுத்த வேண்டும். தவறினால் உங்கள் சம்பளம் ஜப்தி செய்யப்படும். உங்கள் அலுவலகத்துக்கும் தகவல் தரப்படும்."

வங்கிக் கிளையில் கடன் வசூலைப் பார்க்கும் ஊழியர் அவசரத்தில் எழுதினால் செய்தி பெரும்பாலும் இந்த வடிவில்தான் வரும். படிப்பவருக்குக் கோபம் வரும், பயம் வரும். கடன் வாங்கியவருக்குப் போன் போட்டுத் திட்டுவார். கிளையின் எண்ணைக் கண்டால் எடுக்காமல் விடுவார். எதற்காகச் செய்தி அனுப்பப்பட்டதோ அந்தப் பேச்சு மட்டும் நடக்காது.

இந்தச் செய்தியைச் செப்பனிடுவது எப்படி என்று பார்க்க ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர், தன் சக ஆசிரியரின் தனிநபர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கடன் ₹3,00,000, ஆண்டு வட்டி 12 சதவீதம், 36 மாதத் தவணை. மாதம் ₹9,964 வீதம் ஒவ்வொரு 5-ஆம் தேதியும் கட்ட வேண்டும். 14 தவணை ஒழுங்காக வந்தது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் தவணைகள் வரவில்லை. ஆகஸ்ட் 12 அன்று கிளை மேலாளர் ஜாமீன்தாரருக்கு எழுத உட்காருகிறார்.

முதலில் அவர் அறிந்திருக்க வேண்டியது சட்டம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவே ஜாமீன்தாரரின் பொறுப்பும். 'முதலில் அவரிடம் வசூல் செய்துவிட்டு, முடியாவிட்டால் என்னிடம் வாருங்கள்' என்று ஜாமீன்தாரர் பொதுவாகச் சொல்ல முடியாது. பேங்க் ஆஃப் பீகார் எதிர் தாமோதர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆக, வங்கியின் கை வலுவாகத்தான் இருக்கிறது. வலுவான கைக்குச் சத்தம் தேவையில்லை.

இனி அந்த முதல் வரைவை வரி வரியாகப் பார்க்கலாம்.

'ஏமாற்றிவிட்டார்' என்பது தகவல் அல்ல, குற்றச்சாட்டு. தவணை வரவில்லை என்பது மட்டுமே வங்கிக்குத் தெரியும். வீட்டில் நோயா, சம்பளம் நின்றுபோனதா, வேறு கடன் கழுத்தை நெரிக்கிறதா என்பதெல்லாம் இன்னும் கேட்கப்படாத கேள்விகள். நண்பர் மீது பழி சுமத்தினால் ஜாமீன்தாரர் ஒன்று அவருக்காக வாதாட வருவார், இல்லையென்றால் 'நானும் ஏமாந்தவன்தான்' என்று ஒதுங்கிவிடுவார். அந்தச் சொல் இருந்த இடத்தில், எந்தெந்த மாதத் தவணை வரவில்லை என்பதை எழுதினால் போதும்.

'முழுக் கடனையும்' என்பது தவறான கணக்கு. பாக்கி அசல் சுமார் ₹1,95,900 இருக்கிறது என்பது உண்மை. ஆனால் கடன் ஒப்பந்தத்தை முறித்து முழுத் தொகையையும் வங்கி இன்னும் திரும்பக் கேட்கவில்லை. இன்றைய தேதியில் கட்டத் தவறியது மூன்று தவணை, ₹29,892 மட்டுமே. தாமதத்துக்கான அபராதக் கட்டணம் இருந்தால் அதைத் தனி வரியாகக் காட்ட வேண்டும். இரண்டு லட்சம் என்று படிப்பவர் வக்கீலைத் தேடுவார். முப்பதாயிரம் என்று படிப்பவர் என்ன செய்யலாம் என்று யோசிக்கத் தொடங்குவார்.

'சம்பளம் ஜப்தி' என்பது வங்கி மேலாளரின் கையில் இல்லாத அதிகாரம். ஜாமீன்தாரர் தன் சம்பளத்தில் பிடித்தம் செய்துகொள்ள முன்பே எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு விஷயம். இல்லாவிட்டால் வழக்குப் போட்டு, தீர்ப்பாணை பெற்று, நீதிமன்றம் வழியாகத்தான் சம்பளத்தைத் தொட முடியும். அப்போதும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, சம்பளத்தின் முதல் ஆயிரம் ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் ஜப்திக்கு அப்பால் வைக்கிறது. நடக்க முடியாததை எழுதினால், கடிதத்தில் இருக்கும் உண்மையான வரிகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

'அலுவலகத்துக்குத் தகவல்' என்ற வரி வங்கிக்கே வினையாகும். கடன் வாங்கியவரையோ அவருடைய குடும்பத்தாரையோ நண்பர்களையோ ஊரறிய அவமானப்படுத்தக் கூடாது, மிரட்டக் கூடாது, வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. வசூல் முகவர்கள் செய்யும் தவறுக்கும் வங்கியே பொறுப்பு. செய்தியை எங்கே அனுப்புவது என்பதும் இதே வரம்புக்குள் வருகிறது. ஜாமீன் பத்திரத்தில் உள்ள முகவரிக்கும் அவருடைய சொந்த எண்ணுக்கும் மட்டுமே அது போக வேண்டும். பள்ளியின் பொது எண்ணுக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ போகக் கூடாது.

இத்தனையும் நீக்கிய பிறகு, கடிதத்தில் இல்லாத ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது: தேதி. '7 நாள்' என்பது எங்கிருந்தோ வந்த கெடு. உண்மையான கெடு வேறு. ஒரு தவணை 90 நாட்களுக்கு மேல் பாக்கி நின்றால் அந்தக் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தந்த விளக்கத்தின்படி தவணை நாளே முதல் நாளாகக் கணக்கில் வரும். ஜூன் 5 தவணைக்கு 91-ஆம் நாள் செப்டம்பர் 3. மேலாளர் எழுதும் ஆகஸ்ட் 12 என்பது 69-ஆம் நாள். மூன்று வாரம் கையில் இருக்கிறது. இந்தக் கணக்கைச் சொன்னால் கெடுவுக்குக் காரணம் இருப்பது படிப்பவருக்குப் புரியும்.

இப்போது செப்பனிட்ட கடிதம்:

"மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் ஜாமீன் கையெழுத்திட்ட தனிநபர் கடனில் (கடன் பெற்றவர்: திரு. சு.) ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதத் தவணைகள் வரவில்லை. இன்றைய பாக்கி ₹29,892. ஜாமீன் பத்திரத்தின்படி இந்தப் பாக்கிக்குத் தாங்களும் பொறுப்பாவீர்கள் என்பதால் இதைத் தங்களுக்கு நேரடியாகத் தெரிவிக்கிறோம். ஜூன் தவணை செப்டம்பர் 2-க்குள் செலுத்தப்படாவிட்டால், மறுநாள் கணக்கு வாராக்கடனாகும். அது இருவரின் கடன் வரலாற்றையும் பாதிக்கக்கூடும். அதற்கு முன் தங்களையும் திரு. சு. அவர்களையும் ஒன்றாகச் சந்தித்துப் பேச விரும்புகிறோம். ஆகஸ்ட் 19 அல்லது 20, மாலை 4 மணி தங்களுக்கு வசதிப்படுமா? வேறு நேரம் வேண்டுமானால் கீழுள்ள எண்ணில் சொல்லுங்கள். கணக்கு அறிக்கையும் ஜாமீன் பத்திரத்தின் நகலும் இணைத்துள்ளோம். இது பணம் கோரும் நோட்டீஸ் அல்ல. வங்கியின் சட்ட உரிமைகள் எதையும் இக்கடிதம் விட்டுக்கொடுக்கவில்லை."

மிரட்டல் போய்விட்டது, பொறுப்பு போகவில்லை. அமைதியாக எழுத நினைப்பவர்கள் அடுத்துச் சறுக்குவது இங்கேதான். 'சிறு தாமதம்தான்', 'தாங்கள் கவலைப்பட வேண்டாம்' என்று இனிப்புத் தடவினால், ஜாமீன்தாரர் கடிதத்தை மடித்து வைத்துவிடுவார். மூன்று மாதம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வரும்போது, 'அன்று கவலை வேண்டாம் என்றீர்களே' என்று கேட்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கும். பொறுப்பு ஒரே ஒரு வாக்கியத்தில், அடைமொழி இல்லாமல் இருக்க வேண்டும்.

கடைசி இரண்டு வாக்கியங்கள் வெறும் சம்பிரதாயம் அல்ல. 'கேட்டவுடன் தருவேன்' என்று எழுதப்பட்ட ஜாமீனில், வங்கி முறைப்படி பணம் கோரும் நாளையொட்டித்தான் வழக்குக்கான காலவரம்பு ஓடத் தொடங்கும். பேச அழைக்கும் கடிதம் தவறுதலாகக் கோரிக்கை நோட்டீஸாகிவிடக் கூடாது. அதே சமயம், வங்கி தன் உரிமையைக் கைவிட்டதாகவும் பொருள்படக் கூடாது. கோரிக்கை நோட்டீஸ் அனுப்பும் நிலை வந்தால் அது தனிக் கடிதமாக, சட்டப் பிரிவின் பார்வைக்குப் பிறகே போக வேண்டும்.

சந்திப்பில் என்ன பேசலாம்? கடன் பெற்றவரும் உடனிருந்தால், ஜூன் தவணை ஒன்றை மட்டும் முழுமையாகக் கட்டுவது முதல் வழி. அப்போது நாள் கணக்கு ஜூலை 5-இலிருந்து எண்ணப்படும். ஆகஸ்ட் 20 அன்று கட்டினால், கணக்கு 77-ஆம் நாளிலிருந்து 47-ஆம் நாளுக்கு இறங்கும். மூச்சுவிட ஒரு மாதம் கிடைக்கும்.

ஜாமீன்தாரரே ஒரு பகுதியைக் கட்ட முன்வரலாம். அவர் தன் பெயரிலேயே ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். நியாயமாகக் கட்டிய தொகையைக் கடன் பெற்றவரிடமிருந்து திரும்பப் பெற அதே சட்டத்தின் 145-ஆம் பிரிவு அவருக்கு உரிமை தருகிறது. இதை மேலாளரே எடுத்துச் சொன்னால், வங்கி தன்னைக் கைவிடவில்லை என்று ஜாமீன்தாரர் உணர்வார்.

மூன்றாவது, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டுவது. இங்கே வங்கிக்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஜாமீன்தாரரின் சம்மதமின்றிக் கடன் நிபந்தனைகளை மாற்றினாலோ, கடன் பெற்றவருக்குக் கால அவகாசம் தருவதாக ஒப்பந்தம் செய்தாலோ, 133, 135 பிரிவுகளின்படி ஜாமீன்தாரர் பொறுப்பிலிருந்து விடுபடக்கூடும். பல வங்கிகள் இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதாக ஜாமீன் பத்திரத்திலேயே எழுதி வாங்கிவிடுகின்றன என்றாலும், எழுத்துப்பூர்வச் சம்மதம் பெறுவதே பத்திரமான வழி. அமைதியான பேச்சு ஜாமீன்தாரருக்குக் காட்டும் சலுகை மட்டும் அல்ல. வங்கிக்கும் அது தேவை.

எல்லாக் கணக்குக்கும் இந்தக் கடிதம் பொருந்தாது. கடன் பெற்றவர் தலைமறைவாகிவிட்டார், சொத்தை விற்றுக்கொண்டிருக்கிறார், அல்லது ஜாமீன் கையெழுத்தே தன்னுடையது அல்ல என்று ஆசிரியர் சொல்கிறார் என்றால், மேலாளர் பேச்சை நிறுத்திவிட்டுச் சட்டப் பிரிவிடம் கோப்பைக் கொடுக்க வேண்டும். இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை என்றாலும் அதேதான்.

இப்படி ஒரு கடிதம் உங்கள் வீட்டுக்கு வந்தால் ஒளித்து வைக்காதீர்கள். கணக்கு அறிக்கையையும் நீங்கள் கையெழுத்திட்ட ஜாமீன் பத்திரத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள், கடன் வாங்கியவரை உடன் அழைத்துக்கொண்டு சொன்ன தேதிக்குக் கிளைக்குப் போங்கள், அங்கே ஒப்புக்கொள்வதை எல்லாம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.