நகை யாருடையது?

வரதட்சணை கேட்பது குற்றம் என்ற சட்டம் இந்தியாவில் 1961-இல் வந்தது. தொலைக்காட்சித் தொடர்களில் அடிக்கடி பார்ப்பதால் இங்கும் அப்படியொரு சட்டம் இருப்பதாகவே என் பெரியப்பா நம்பியிருந்தார்.

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டிச் சேர்த்த பணத்தில் அவர் அக்காவுக்குப் பதினைந்து பவுன் போட்டார். ஈப்போவில் திருமணம் முடிந்ததும் மாமியார் நகைகளைப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். மூன்று மாதம் கழித்து, கார் வாங்க முன்பணம் கொடுத்தால்தான் நகை திரும்ப வரும் என்றார். "வரதட்சணை கேட்கிறாங்க" என்று பெரியப்பா போலீசில் சொன்னார். ஆனால் மலேசியாவில் அந்தப் பெயரில் குற்றப்பிரிவு எதுவும் கிடையாது.

தெரிந்த வழக்கறிஞர் ஒருவர்தான் வழி காட்டினார். "ஐயா, அவங்க கேட்டதை விடுங்க. வச்சிக்கிட்டதை எழுதுங்க" என்றார்.

அவர் சொன்ன வழக்கு பிரதிபா ராணியுடையது. பஞ்சாபின் லூதியானாவில் 1972-இல் மணமான அவருடைய நகைகளையும் துணிமணிகளையும் கணவர் வீட்டார் திருப்பித் தரவில்லை. புகுந்த வீட்டுக்குள் போன பொருள் எல்லோருக்கும் பொது என்று அவர்கள் தரப்பில் வாதிட்டார்கள். 1985-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சீதனம் மனைவியின் சொந்தப் பொருள், நம்பிக் கொடுத்ததைத் தர மறுத்தால் 406-ஆவது பிரிவின்படி நம்பிக்கை மோசடி என்றது. நம் தண்டனைச் சட்டமும் ஆங்கிலேயர் இந்தியாவுக்கு எழுதிய சட்டத்திலிருந்து வந்ததுதான். அதனால் இங்கும் அதே குற்றம், அதே 406. இந்தியத் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் வழக்கறிஞர்கள் அதை எடுத்துக்காட்டி வாதாடலாம்.

இரண்டாவது புகாரை அக்காவே கொடுத்தார். ஒவ்வொரு நகையின் பெயர், எடை, யார் கையில் எந்த நாளில் கொடுத்தார் என்பதையெல்லாம் எழுதினார். புகாருக்கு முன்பே, நகையைத் திருப்பித் தரும்படி வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். "முதலில் கார்" என்ற பதிலும் இருந்தது. அந்தப் பதில் முக்கியம். கேட்டும் தர மறுத்ததுதான் நேர்மையற்ற எண்ணத்தைக் காட்டுகிறது. கடை ரசீதுகளையும் திருமணப் படங்களையும் இணைத்து, புகாரின் நகலை வாங்கி வைத்துக்கொண்டார்.

கணவரே நகையை அபகரித்திருந்தால் இன்னொரு வழியும் உண்டு. 2017-இல் திருத்தப்பட்ட குடும்ப வன்முறைச் சட்டத்தில், மனைவியின் சொத்தை நேர்மையின்றி எடுத்து அவரைப் பண நெருக்கடியில் தவிக்க விடுவதும் வன்முறைதான். கோயில் திருமணத்துக்குப் பல மாதம் முன்பே பதிவுத் திருமணம் முடித்துவிடும் நம் வழக்கத்தில், பதிவான நாளிலிருந்தே அவர்கள் சட்டப்படி கணவன் மனைவி. இது பலருக்குத் தெரிவதில்லை.

மாப்பிள்ளைக்கென்று அன்பளிப்பாகக் கொடுத்த பணத்துக்கு இந்த 406 உதவாது. அது அவருடையதாகிவிடுகிறது.

போலீஸ் விசாரணைக்கு அழைத்த பிறகு பன்னிரண்டு பவுன் வீட்டுக்கு வந்தது. பாட்டி கொடுத்த மூன்று பவுன் சங்கிலி மட்டும் வரவில்லை. அதற்கு ரசீது இல்லை, அக்கா அதைப் போட்டிருந்த படம்கூட இல்லை.