பாட்டியின் குறிப்பேடும் ஓர் ஆங்கில மின்னஞ்சலும்

உட்லண்ட்ஸில் வீவக வீட்டில் வசிக்கும் ஒரு பாட்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவருக்கு வயது 68. உறவினர் வீட்டுத் திருமணத்திற்காகத் திருச்சிக்குச் சென்றிருந்தபோது அவருக்கு நெஞ்சுவலி வந்தது. அங்கு ஒரு மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். அதாவது, இதயத்தின் இரத்தக்குழாய்களில் சாயம் செலுத்தி, அது ஓடுவதைப் படம் பிடித்தார்கள். அடைப்பு இருப்பதால் ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்று மருத்துவர் கூறினார். பாட்டியோ, "என் பிள்ளைகளோடு பேசிவிட்டு முடிவு செய்கிறேன்" என்று சொல்லி, மருத்துவரின் அனுமதியுடன் சிங்கப்பூர் திரும்பினார்.

இப்போது குடும்பத்திற்கு இரண்டு தேவைகள். ஒன்று, திருச்சியில் உள்ள மருத்துவப் பதிவுகள் வேண்டும். 2024ஆம் ஆண்டு அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட உட்லண்ட்ஸ் மருத்துவ வளாகத்திற்கோ வேறு மருத்துவமனைக்கோ பாட்டியை அழைத்துச் சென்றாலும், மருத்துவர் முதலில் கேட்பது அந்தப் பதிவுகளைத்தான். மற்றொன்று, ஸ்டென்ட் வைக்கும் மருத்துவர் மட்டுமே இதுவரை கருத்துச் சொல்லியிருக்கிறார். அதே மருத்துவமனையின் இதய அறுவை மருத்துவரும் படத்தைப் பார்த்து இரண்டாவது கருத்துத் தர வேண்டும். மின்னஞ்சலை ஆங்கிலத்தில் எழுதும் பொறுப்பு உயர்நிலை நான்கில் படிக்கும் பேரனுக்கு வந்தது. அவனிடம் இருந்ததோ பாட்டி தம் குறிப்பேட்டில் எழுதிய சில வரிகள் மட்டுமே.

"3/3 சாயந்தரம் கடைக்கு வேகமா நடந்தப்போ நெஞ்சை அடைச்சுது. வாயுன்னு நினைச்சு சீரகத் தண்ணி குடிச்சேன்.
5/3 மாடிப்படி ஏறும்போது மறுபடியும். இடது கையும் வலி.
8/3 காலையில மயக்கம்.
10/3 ஆஞ்சியோ. மூணு அடைப்பு. ஸ்டென்ட் வைக்கணுமாம்.
20/3 உட்லண்ட்ஸ் வந்தாச்சு. வெறும் வயித்துல 9.2."

ஓரத்தில் சிறிய எழுத்தில், "சர்க்கரை 20 வருஷமா" என்றும் இருந்தது.

பேரன் முதலில் எழுதிய ஆங்கில வரைவில் மூன்றாம் வரி, "பாட்டி சுயநினைவு இழந்தார்" என்று பொருள்படும்படி அமைந்துவிட்டது. "மயக்கம்" என்ற ஒரு சொல் தமிழில் பல வேலைகளைச் செய்கிறது. தலைசுற்றினாலும் மயக்கம்; கண் இருட்டினாலும் மயக்கம்; நினைவு தப்பிக் கீழே விழுந்தாலும் மயக்கம். அறுவை சிகிச்சைக்கு முன் கொடுப்பதையும் மயக்கமருந்து என்றே சொல்கிறோம். ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு. இதய நோயாளி ஒருவர் நினைவிழந்து விழுந்தார் என்று படித்தால், இதயத் துடிப்பின் ஒழுங்கு கெட்டதா, வால்வு ஒன்று சுருங்கிவிட்டதா என்றெல்லாம் மருத்துவர் ஐயப்படுவார். தலை சுற்றியது என்றால் அவர் வேறு திசையில் யோசிப்பார். அகராதியைப் புரட்டினால் இதற்கு விடை கிடைக்காது. பாட்டியைத்தான் கேட்க வேண்டும்.

"பாட்டி, அன்னைக்கு நீங்க கீழே விழுந்தீங்களா?"

"இல்லப்பா, கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. சுவரைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். உங்க சித்தி கூப்பிட்டது நல்லா கேட்டுச்சு."

ஆகவே, ஆங்கிலத்தில் எழுத வேண்டியது இதுதான்: கண் இருண்டது, உட்கார்ந்தார், விழவில்லை, நினைவு தப்பவில்லை. ஒரு சொல் நான்கு சிறு செய்திகளாக விரிந்துவிட்டது.

"நெஞ்சை அடைச்சுது" என்பதும் அப்படித்தான். சொல்லுக்குச் சொல் மாற்றினால், நெஞ்சில் ஏதோ குழாய் அடைபட்டதுபோல் ஆங்கிலத்தில் தோன்றும். பாட்டி சொல்ல வந்தது, பாறாங்கல்லை வைத்து அழுத்தியதுபோன்ற இறுக்கம். அடுத்து வரும் "வாயு" என்பது பாட்டி உணர்ந்த அறிகுறி அன்று. அவர் செய்த ஊகம். அதை அறிகுறிகளோடு சேர்த்து எழுதினால், படிப்பவரின் கவனம் இதயத்தை விட்டு வயிற்றுக்குப் போய்விடும். அதற்காக அதை மறைக்கவும் வேண்டாம். "அவர் அதைச் செரிமானக் கோளாறு என்று எண்ணினார்" என எழுதினால், எது உணர்ந்தது, எது ஊகித்தது என்பது படிப்பவருக்குத் தெளிவாகும்.

குறிப்பில் இல்லாத செய்திகளையும் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. நெஞ்சு இறுக்கத்தைப் பற்றி இதய மருத்துவர்கள் தவறாமல் கேட்பவை மூன்று: என்ன செய்யும்போது வந்தது? எவ்வளவு நேரம் நீடித்தது? எதனால் தணிந்தது? பாட்டியின் விடைகள், வேகமாக நடக்கும்போது, ஏறக்குறைய ஐந்து நிமிடம், உட்கார்ந்ததும் தணிந்தது என்பன. உழைப்பின்போது வந்து ஓய்வில் தணியும் வலி ஒரு வகை. சும்மா இருக்கும்போதே வரும் வலி வேறு வகை, அது மேலும் அவசரமானது. இந்த வேறுபாடு தெரியாவிட்டால் அறுவை மருத்துவரால் பயனுள்ள கருத்து எதையும் சொல்ல இயலாது.

"மூணு அடைப்பு" என்ற வரியில்தான் பேரனுக்குத் தன் அறிவைக் காட்டும் ஆசை வந்தது. இணையத்தில் தேடி, மூன்று இரத்தக்குழாய்களிலும் நோய் உள்ளது என்னும் பொருள்தரும் மருத்துவத் தொடரை எழுதினான். ஆனால் மூன்று அடைப்புகள் ஒரே குழாயில் அடுத்தடுத்தும் இருக்கலாம். மூன்று குழாய்களில் ஒவ்வொன்றாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறுபடலாம். எனவே "மூன்று அடைப்புகள் என்று எங்களிடம் கூறப்பட்டது" என்று எழுதுவதே சரி. எந்தக் குழாய், எத்தனை விழுக்காடு என்பதை ஆஞ்சியோகிராம் படம் சொல்லும்.

அடுத்தது எண். "9.2" என்பது உட்லண்ட்ஸ் வீட்டில் இருக்கும் சிறு கருவி காட்டிய வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவு. சிங்கப்பூரில் இதை லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று அளக்கிறோம். இந்தியாவில் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளக்கிறார்கள்; அந்தக் கணக்கில் 9.2 என்பது ஏறக்குறைய 166. அலகு இல்லாமல் வெறுமனே 9.2 என்று எழுதினால், திருச்சியில் படிப்பவர் அதைக் கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் எச்பிஏ1சி விழுக்காடு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அந்த விழுக்காடு 9.2 என்றால் நோய் கட்டுப்பாட்டிலேயே இல்லை என்று பொருள். ஆகவே கருவி காட்டிய எண்ணை அப்படியே, அலகோடும் நாளோடும், வெறும் வயிற்றில் எடுத்தது என்ற குறிப்போடும் எழுத வேண்டும்.

ஓரத்தில் இருந்த "சர்க்கரை 20 வருஷமா" என்ற வரியைப் பேரன் விட்டுவிட்டான். என் கருத்தில், அந்தக் குறிப்பேட்டிலேயே மிக முக்கியமான வரி அதுதான். சர்க்கரை நோயுடன் பல இரத்தக்குழாய்களில் அடைப்பும் உள்ளவர்களை ஒப்பிட்ட ஃப்ரீடம் என்னும் ஆய்வு 2012இல் வெளியானது. ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களைவிட, பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே இறப்பும் மாரடைப்பும் குறைவாக இருந்தன. பக்கவாதம் மட்டும் சற்று அதிகமாக இருந்தது. பாட்டிக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர்களே முடிவு செய்வார்கள். ஆயினும் அந்தக் கேள்வி எழுவதற்கே சர்க்கரை நோய் பற்றிய செய்தி மடலில் இருக்க வேண்டும்.

இனி, மடலின் அமைப்பு. மருத்துவப் பதிவுகளைத் தருபவர்கள் பதிவேட்டுப் பிரிவினர். கருத்துத் தருபவர்கள் மருத்துவர்கள். இரண்டு கோரிக்கைகளையும் ஒரே பத்தியில் கலந்துவிட்டால், பதிவேட்டுப் பிரிவினர் அதை மருத்துவருக்குரிய மடல் என்று ஒதுக்கிவைக்கலாம். எனவே ஒரே மின்னஞ்சலாக இருந்தாலும் முதல் கோரிக்கை, இரண்டாம் கோரிக்கை என்று பிரித்து எழுத வேண்டும். திருத்திய மடலின் நடுப்பகுதி, தமிழில் சொன்னால், இப்படி இருந்தது:

"முதலாவதாக, மார்ச் 10ஆம் தேதி எடுத்த ஆஞ்சியோகிராமின் முழு அசைபடத்தையும் டைகாம் வடிவில் அனுப்ப வேண்டுகிறோம். அதன் அறிக்கை, இரத்தப் பரிசோதனை முடிவுகள், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவையும் தேவை. இரண்டாவதாக, இவருக்கு 20 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. ஸ்டென்ட், பைபாஸ், மருந்து மட்டும் என்ற மூன்றில் எதைப் பரிந்துரைப்பீர்கள், ஏன் என்பதை உங்கள் இதய அறுவை மருத்துவரும் படத்தைப் பார்த்து எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம். எத்தனை வாரங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பதையும் கூறுங்கள்."

டைகாம் என்பது மருத்துவப் படங்களைச் சேமிக்கும் கோப்பு வடிவம். ஆஞ்சியோகிராம் அசையும் படம் என்பதால், அச்சிட்ட நிழற்படங்கள் போதமாட்டா. திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினாலும் குழாயின் குறுகலைச் சரியாக அளக்க முடியாது.

மடலுடன், பாட்டி கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதமும் கடப்பிதழின் நகலும் செல்ல வேண்டும். இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002ஆம் ஆண்டு விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால், மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும். உள்நோயாளிகளின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உள்ளது. பேரன் ஆங்கிலத்தில் எழுதித் தந்தாலும், அம்மா தம் பெயரில் மடலை அனுப்பியது இதனால்தான். ஒப்புதல் கடிதத்தில் இருப்பது அவருடைய பெயர்.

பெயரால் வரும் சிக்கலும் உண்டு. பாட்டியின் பெயர் லட்சுமி என்று வைத்துக்கொண்டால், சிங்கப்பூர் ஆவணங்களில் அது "லெட்சுமி" என்று ஒலிக்கும்படி ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கலாம். திருச்சி மருத்துவமனையிலோ உறவினர் சொல்ல, வேறு எழுத்துக்கூட்டலில், தந்தை பெயரின் முதலெழுத்தோடு பதிந்திருப்பார்கள். கணினியில் தேடினால் "அப்படி ஒரு நோயாளி இல்லை" என்றே வரும். அதனால் கட்டண ரசீதில் உள்ள மருத்துவமனைப் பதிவெண்ணை மடலின் முதல் வரியிலேயே எழுதி, இரண்டு எழுத்துக்கூட்டல்களையும் பிறந்த தேதியையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

அனுப்பும் முன் அம்மா ஆங்கில மடலை வரிவரியாகத் தமிழில் பாட்டிக்குச் சொல்லிக் காட்டினார். "இடது கை வலி" என்ற இடத்தில் பாட்டி நிறுத்தினார். "கை முழுக்க இல்லம்மா, தோள்லேருந்து முழங்கை வரைக்கும்தான்" என்றார். அதையும் சேர்த்தார்கள்.

மடலுக்குப் பதில் வரும்வரை சும்மா இருக்கும்போது வலி வந்தாலோ, ஓய்வெடுத்தும் தணியாவிட்டாலோ, மின்னஞ்சலுக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே 995ஐ அழைக்க வேண்டும். பதில் வந்ததும் முதலில் படத்தைத் திறந்து பார்க்க வேண்டும். பாட்டியின் பெயரும் மார்ச் 10 என்ற தேதியும் அதில் உள்ளனவா, படம் அசைகிறதா, வெவ்வேறு கோணங்களில் எடுத்த பல துண்டுகள் இருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். ஒரே ஒரு நிழற்படம் மட்டும் இருந்தால், அதே பதிவெண்ணைக் குறிப்பிட்டு, அசைபடம் வரவில்லை என்று அன்றே எழுதிவிடலாம். திருச்சி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது; காலை பதினொன்றரைக்கு நாம் அனுப்பினால், அங்கே ஒன்பது மணிக்கு அலுவலகம் திறக்கும்போது மடல் மேலே இருக்கும்.