குறைந்த ஓட்டங்களில் முழு வீச்சு

சூடான நீர் உயர் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் ஒரு குழாயின் முனை திடீரெனத் திறந்துகொண்டால், உள்ளே அழுத்தம் எப்படிச் சரியும்? அணு உலைப் பாதுகாப்பில் இது அடிப்படையான கேள்வி. 1970-களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் இதைக் கணினி சிமுலேஷனில் ஓட்டிப் பார்த்தார்கள். அந்தக் கணக்குக்குள் செலுத்த வேண்டிய சில அளவுகள் யாருக்கும் துல்லியமாகத் தெரியாது. ஒவ்வொன்றும் இந்த எண்ணிலிருந்து அந்த எண்ணுக்குள் இருக்கும் என்று மட்டுமே சொல்ல முடியும். அன்றைய கணினியிலோ ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப் பார்க்க நேரமும் இல்லை, காசும் இல்லை. சில ஓட்டங்களே கிடைக்கும் என்றால், எந்தெந்த மதிப்புகளைக் கொடுத்து ஓட்டுவது?

மெக்கே, பெக்மேன், கோனோவர் என்ற மூவர் 1979-ல் ‘டெக்னோமெட்ரிக்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இந்தக் கேள்வியை நேரடியாக எடுத்துக்கொண்டது. மூன்று வழிகளை அவர்கள் ஒப்பிட்டார்கள். முதலாவது, குலுக்கல் போல மதிப்புகளை எடுக்கும் சமவாய்ப்பு முறை. இரண்டாவது, வீச்சைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலிருந்தும் எடுக்கும் அடுக்கு மாதிரி முறை. மூன்றாவது, அவர்கள் புதிதாக முன்வைத்த லத்தீன் ஹைப்பர்கியூப்.

குலுக்கலில் என்ன குறை? அதில் பாரபட்சம் கிடையாது, ஆனால் பரவலும் உறுதியில்லை. 0 முதல் 1 வரையுள்ள வீச்சைப் பத்துச் சம பகுதிகளாகப் பிரித்து, பத்து எண்களைக் குலுக்கி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு குறிப்பிட்ட பகுதியில் எந்த எண்ணும் விழாமல் போகும் வாய்ப்பு 0.9-ஐப் பத்து முறை பெருக்கினால் வருவது, அதாவது சுமார் 35 சதவீதம். சராசரியாகப் பத்தில் மூன்று, நான்கு பகுதிகள் காலியாகவே கிடக்கும். பத்துப் பகுதிகளிலும் ஆளுக்கொன்றாக எண்கள் விழுவது ஏறத்தாழ 2,750 முறை குலுக்கினால் ஒருமுறை நடக்கக்கூடியது.

அடுக்கு மாதிரி முறை இந்த ஓட்டையை அடைக்கிறது. பத்துப் பகுதிகளிலும் பகுதிக்கு ஒரு எண்ணைக் கட்டாயமாக எடுக்க வேண்டும். பகுதிக்குள் எந்த இடம் என்பதை மட்டும் குலுக்கலுக்கு விடலாம். பத்து எண்களின் சராசரி உண்மையான 0.5-லிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்று பார்த்தால் பலன் புரியும். குலுக்கலில் விலகல் சுமார் 0.091; அடுக்கு முறையில் 0.009. குலுக்கலிலேயே இந்தத் துல்லியம் வேண்டுமென்றால் பத்துக்குப் பதில் ஆயிரம் எண்கள் எடுக்க வேண்டும்.

தெரியாத அளவு ஒன்றுதான் என்றால் இத்தோடு வேலை முடிந்தது. நான்கு இருந்தால்தான் சிக்கல். ஒவ்வொன்றையும் பத்தாகப் பிரித்தால் மொத்தம் 10,000 கட்டங்கள்; கட்டத்துக்கு ஓர் ஓட்டம் என்றால் 10,000 ஓட்டங்கள். லத்தீன் ஹைப்பர்கியூப் இங்கே உதவிக்கு வருகிறது. எல்லாக் கட்டங்களையும் நிரப்ப அது முயல்வதில்லை. ஒவ்வோர் அளவையும் தனித்தனியே பார்க்கும்போது அதன் பகுதிகள் எல்லாம் ஒருமுறை தொடப்பட்டிருந்தால் போதும் என்கிறது. சதுரங்கப் பலகையில் எட்டு யானைகளை ஒன்றையொன்று வெட்டாதபடி நிறுத்துவதைப் போன்றது இது: ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று, ஒவ்வொரு நிரலிலும் ஒன்று. அளவுகள் நான்கானாலும் நாற்பதானாலும் பத்து ஓட்டங்களில் இதைச் செய்துவிடலாம்.

கையாலேயே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 36 ஹெக்டேர் பரப்பில் பெய்யும் மழையை ஒரு வடிகால் தாங்க வேண்டும். வினாடிக்கு எத்தனை கன மீட்டர் நீர் வரும் என்பதற்குப் பொறியாளர்களின் எளிய சூத்திரம் உண்டு: மழையில் வழிந்தோடும் பங்கை மழையின் வேகத்தால் பெருக்க வேண்டும், இந்தப் பரப்புக்கு அதைப் பத்தால் வகுத்தால் விடை. வழிந்தோடும் பங்கு 0.5 முதல் 0.9 வரை இருக்கலாம். மழையின் வேகம் மணிக்கு 40 முதல் 90 மி.மீ. வரை இருக்கலாம். ஐந்தே ஓட்டங்கள்.

இரண்டையும் ஐந்தைந்து பகுதிகளாகப் பிரிப்போம். எளிமைக்காக ஒவ்வொரு பகுதியின் நடு மதிப்பையே எடுத்துக்கொண்டால் பங்குகள் 0.54, 0.62, 0.70, 0.78, 0.86, வேகங்கள் 45, 55, 65, 75, 85. பங்குகளை வரிசையாக எழுதிவிட்டு, வேகங்களைக் கலைத்து எதிரே வைக்க வேண்டும். கலைத்தபோது 55, 85, 65, 45, 75 என்று வந்ததாகக் கொள்வோம். விடைகள் 2.97, 5.27, 4.55, 3.51, 6.45. சராசரி 4.55. உண்மையான சராசரியும் இதுவே.

இவ்வளவு கச்சிதமாக எப்போதும் வராது. பகுதிக்குள் மதிப்பைக் குலுக்கி எடுக்கும் வழக்கமான முறையில் இதே கணக்கின் சராசரி சுமார் 0.14 விலகும். ஐந்து ஓட்டங்களை வெறும் குலுக்கலில் எடுத்தால் விலகல் 0.57. லத்தீன் ஹைப்பர்கியூப் ஐந்தில் தருவதைக் குலுக்கல் தர 80 ஓட்டங்கள் வேண்டும்.

இந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்பதை மைக்கேல் ஸ்டைன் 1987-ல் விளக்கினார். விடையின் ஏற்ற இறக்கத்தில் ஒரு பங்கு, ஒவ்வோர் அளவும் தனியாக உண்டாக்குவது. இன்னொரு பங்கு, அளவுகள் கூட்டுச் சேர்ந்து உண்டாக்குவது. லத்தீன் ஹைப்பர்கியூப் முதல் பங்கைப் பெருமளவு அடக்கிவிடும். இரண்டாவதை அப்படியே விட்டுவிடும். வடிகால் கணக்கில் 98 சதவீதம் முதல் வகை. அதனால்தான் இவ்வளவு பலன். ஒன்று ஏறி மற்றொன்று இறங்கினால் மட்டுமே விளைவு தெரியும் என்பது போன்ற சிமுலேஷனில் குலுக்கலைவிடப் பெரிய மேன்மையை எதிர்பார்க்க முடியாது.

கலைப்பதும் குலுக்கல்தான் என்பதால் அதிலும் சறுக்கல் உண்டு. வேகங்கள் 45, 55, 65, 75, 85 என்று ஏறுவரிசையிலேயே வந்து அமைந்துவிட்டால்? விதி மீறப்படவில்லை, ஐந்து பகுதிகளும் தொடப்பட்டுள்ளன. ஆனால் சராசரி 4.71 ஆகிவிடும், ஏனென்றால் அதிக வழிந்தோட்டமும் கனமழையும் எப்போதும் சேர்ந்தே வரும் என்று நாமே சொல்லிவிட்டது போலாகிறது. ஐந்து பகுதிகளில் இப்படி நடக்க 120-ல் ஒரு வாய்ப்பு உண்டு. அரைகுறையாக ஏறுவரிசைக்கு நெருங்கி வருவது அதைவிட அடிக்கடி நடக்கும். ஓட்டத்தைத் தொடங்கும் முன்பே அளவுகளின் தர ஒட்டுறவைக் கணக்கிட்டால் இது தெரிந்துவிடும். அது பூஜ்யத்தைவிட்டு வெகுவாக விலகியிருந்தால் மறுபடி கலைக்க வேண்டும். வேண்டிய ஒட்டுறவு வரும்படி வரிசையை அமைக்கும் வழியை ஐமனும் கோனோவரும் 1982-ல் கொடுத்தார்கள்.

இன்னொரு கேள்வி மிஞ்சுகிறது: கிடைத்த சராசரியை எவ்வளவு நம்பலாம்? குலுக்கலில் பயன்படும் பிழைச் சூத்திரம் இங்கே பொருந்தாது. அந்த ஓட்டங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை அல்ல. ஒன்று எடுத்த பகுதியை மற்றொன்று தொடாது. அந்தச் சூத்திரம் பெரும்பாலும் பிழையை மிகைப்படுத்தியே காட்டும்.

நியூ மெக்சிகோவில் நிலத்தடியில் சுமார் 650 மீட்டர் ஆழத்தில், உப்புப் படுகைக்குள் கதிரியக்கக் கழிவைப் புதைக்கும் ‘விப்’ என்ற கிடங்கின் மதிப்பீட்டில் இதற்கு நேரான வழி கையாளப்பட்டது. 10,000 ஆண்டுகளுக்குக் கசிவு வரம்புக்குள் இருக்குமா என்று காட்டுவதற்காக 1996-ல் சமர்ப்பித்த கணக்கில், 100 ஓட்டங்கள் கொண்ட லத்தீன் ஹைப்பர்கியூப் மாதிரியைத் தனித்தனியாக மூன்று முறை கலைத்து எடுத்தார்கள். மூன்று தொகுதிகளும் தரும் சராசரிகள் ஒன்றுக்கொன்று நெருங்கியிருந்தால் 100 ஓட்டங்கள் போதும் என்று பொருள். சிதறியிருந்தால் ஒவ்வொரு தொகுதியையும் பெரிதாக்க வேண்டும். அப்போது பழைய நூறுடன் சில ஓட்டங்களை ஒட்டிவிட முடியாது, பகுதிக் கணக்கு குலைந்துவிடும். ஒவ்வொரு பகுதியையும் இரண்டாகப் பிளந்து, காலியாக உள்ள பாதிகளில் புதிய நூறை எடுத்தால், 200 ஓட்டங்கள் கொண்ட முறையான லத்தீன் ஹைப்பர்கியூப் கிடைக்கும்.